இந்த வரியை எந்த மொழியில் பேசினார்கள்?

லாகோஸ் நகரத்தில் ஓர் அரசு அலுவலகம். நைஜீரியா சுதந்திரம் அடைவதற்குச் சில ஆண்டுகள் முந்தைய காலம். ஸ்காலர்ஷிப் போர்டின் செயலாளர் ஓபி ஒகொன்க்வோ மேசையில் உட்கார்ந்திருக்கிறான். இக்போ இனத்து இளைஞன். லண்டனில் படித்துவிட்டு வந்தவன். அதே அறையில் கொஞ்சம் தள்ளி மிஸ் டாம்லின்சன் என்ற ஆங்கிலேயப் பெண் வேலை பார்க்கிறார். மார்க் என்று ஒருவர் உள்ளே வந்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். ஓபியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். தங்கையின் படிப்பு விஷயமாக வந்திருக்கிறார். பேச்சு ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறது.

விஷயம் நெருங்க நெருங்க மார்க்கின் கண் மிஸ் டாம்லின்சன் பக்கம் போகிறது. சட்டென்று இக்போவுக்கு மாறுகிறார். ஆனால் ஒரு சிக்கல். 'ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்', 'ஸ்காலர்ஷிப்' போன்ற சொற்களுக்கு இக்போவில் வழியில்லை. அவற்றை ஆங்கிலத்தில்தான் சொல்லியாக வேண்டும். அந்தச் சொற்கள் வரும்போதெல்லாம் மார்க் குரலைத் தாழ்த்திக் கிசுகிசுக்கிறார்.

சினுவா அச்செபே 1960இல் வெளியிட்ட 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலில் வரும் காட்சி இது. வாசிக்கும்போது சிரிப்பு வரும். வங்கி மேலாளருக்குப் புரியக்கூடாது என்று தமிழுக்குத் தாவி, 'லோன்', 'இன்ட்ரஸ்ட்' என்ற இரண்டு சொற்களால் மாட்டிக்கொண்டவர்கள் நம்மில் குறைவில்லை. சிரித்துவிட்டு, அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். மார்க் இக்போவில் பேசியதும் ஆங்கிலத்தில்தான் அச்சாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் கிசுகிசுத்ததும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஒரே மொழி. ஆனால் காதுக்குள் இரண்டு மொழிகள் ஓடுகின்றன. இந்த வித்தையை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் எழுதப்பட்ட ஆங்கில நாவல்களைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது ஆங்கிலத்துக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் உள்ளூர்ச் சொற்களை. சாய்வெழுத்தில் எத்தனை இக்போச் சொற்கள், பின்னால் அகராதி இருக்கிறதா, என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். மாணவர்களின் ஆய்வேடுகளில் இந்தப் பட்டியல் தவறாமல் இருக்கும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி உள்ளே யார் யார் என்ன பேசுகிறார்கள் என்று சொல்ல முடியுமா? நாவலின் பன்மொழித்தன்மையில் பெரும்பகுதி சாய்வெழுத்தில் இல்லை. சாதாரண ஆங்கிலமாக வேஷம் போட்டுக்கொண்டு நடமாடுகிறது.

நான் செய்வது இதுதான். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் உரையாடல் வரிக்கும் பக்கத்தில் 'இ', 'ஆ', 'பி' என்று ஓர் எழுத்தைக் குறிப்பேன். இக்போ, ஆங்கிலம், பிட்ஜின். கதைக்குள் அந்த மனிதர் உண்மையில் எந்த மொழியில் வாயைத் திறந்திருப்பார் என்பதே கேள்வி. சில இடங்களில் கதைசொல்லியே சொல்லிவிடுவார். ஓபி இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடல் குமட்டலுக்கு மாத்திரை தர வருகிறாள் நர்ஸ் கிளாரா. அப்போதுதான் முதல் தடவையாக அவனிடம் இக்போவில் பேசுகிறாள். அச்செபே அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அது வெறும் மாத்திரைப் பேச்சு. சொல்லிவிட்டதால் அது காதலின் தொடக்கம். இதற்கு முன்பே லண்டனில், வேறு இனத்து நைஜீரியரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டிவரும்போது, அதுவும் ஆங்கிலேயர் முன்னிலையில் பேச வேண்டிவரும்போது, ஓபி கூசிப்போகிறான் என்று நாவல் சொல்லி வைத்திருக்கிறது. இவர்களுக்குச் சொந்த மொழியே கிடையாது போலும் என்று நினைத்துவிடுவார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தோடு இருந்தவனிடம் அவள் இக்போவில் பேசுகிறாள்.

கதைசொல்லி வாய்திறக்காத இடங்களில் நாமேதான் துப்புத் துலக்க வேண்டும். பேசுகிற இருவருக்கும் பொதுவான மொழி எது? கூட யார் இருக்கிறார்கள்? இடம் அலுவலகமா, ஊர்ச் சங்கமா, லாரியா? வாக்கியத்தின் நடை என்ன சொல்கிறது? ஊர்ப் பெரியவர் ஒருவர் பழமொழியில் ஆரம்பித்து, நிறுத்தி நிதானமாக, இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில் பேசினால் அவர் ஆங்கிலம் படித்தவர் என்று அர்த்தமில்லை. அவர் பேசுவது இக்போ. தன் மொழியில் அவர் சரளமாக, நயமாகப் பேசுகிறார் என்பதைக் காட்டத்தான் அச்செபே அவருக்குப் பிசிறில்லாத ஆங்கிலத்தைக் கொடுக்கிறார். அதே பெரியவரை உடைந்த ஆங்கிலத்தில் பேச வைத்திருந்தால், காலனி கால வெள்ளைக்கார எழுத்தாளர்கள் செய்ததையே இவரும் செய்ததாக ஆகியிருக்கும். தாய்மொழியில் யாரும் திக்குவதில்லை.

எழுத்துகளைக் குறித்து முடித்த பிறகு சுவாரசியம் தொடங்குகிறது. எங்கே 'இ' மாறி 'ஆ' ஆகிறது, அந்த மூட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மொழியியலில் இதைக் கோட் ஸ்விட்ச்சிங் என்பார்கள். மொழி தாவுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர், யான்-பெட்டர் ப்ளோம் என்பவரோடு சேர்ந்து நார்வேயின் ஹெம்னெஸ்பெர்கெட் என்ற சிற்றூரில் செய்த ஆய்வு 1972இல் வெளிவந்தது. சூழல் மாறுவதால் மொழி மாறுவது ஒரு வகை என்றார்கள். சூழல் அப்படியே இருக்க, உறவின் நிறத்தை மாற்றுவதற்காகவே மொழியை மாற்றுவது இன்னொரு வகை. அந்த ஊர் அலுவலகத்தில் ஒரே குமாஸ்தாவிடம் குடும்ப நலத்தை ஊர்ப்பேச்சில் விசாரித்துவிட்டு, காரியத்தைப் பொதுமொழியில் முடித்துக்கொண்டு போவார்களாம்.

இதை வைத்துக்கொண்டு மார்க்கிடம் திரும்புவோம். அவர் இக்போவுக்குத் தாவியபோது அறை மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை. ஒட்டுக்கேட்கப்படக் கூடாது என்பது ஒரு காரணம். மேலாகத் தெரிகிற காரணம். உள்ளே இன்னொன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசியவரை அவர் மனுதாரர், ஓபி அதிகாரி. இக்போவுக்கு வந்ததும் இருவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒருவருக்கொருவர் உதவக் கடமைப்பட்டவர்கள். லஞ்சம் என்ற பேச்சு அந்த உறவுக்குள் வரும்போது அதற்கு வேறு பெயர் கிடைத்துவிடும்.

ஓபிக்கு இது புரிகிறது. அவன் என்ன செய்கிறான் தெரியுமா? நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்றே புரியவில்லை என்ற பொருளில் ஒரு பதில் சொல்கிறான். ஆங்கிலத்தில். மார்க் திடுக்கிடுகிறார். மிஸ் டாம்லின்சனின் காது லேசாக விறைக்கிறது. புரியவில்லை என்று சொன்ன வார்த்தைகளைவிட, அதை எந்த மொழியில் சொன்னான் என்பதுதான் மறுப்பு. உறவுக் கதவைச் சாத்திவிட்டு, மார்க்கை மறுபடி மனுதாரர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான். இந்த நாவல் நீதிமன்றத்தில் தொடங்குகிறது என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். லஞ்சம் வாங்கிய வழக்கில் ஓபி விசாரிக்கப்படுகிறான் என்பது முதல் பக்கங்களிலேயே வாசகருக்குத் தெரியும். அந்தக் கதவை ஆங்கிலத்தால் எவ்வளவு நாள் சாத்தி வைத்திருக்க முடியும் என்பதே மீதிக் கதை.

அந்தக் கிசுகிசுப்பு இன்னொன்றையும் காட்டுகிறது. மறைக்க வேண்டிய விஷயத்தின் கருவே ஆங்கிலச் சொல்லில்தான் இருக்கிறது. சான்றிதழ், உதவித்தொகை, பதவி எல்லாமே ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்து வைத்தவை. தாய்மொழிக்குள் ஓடி ஒளிந்தாலும் அவை கூடவே ஓடி வருகின்றன. ஒரு முழு அத்தியாயத்தில் விளக்க வேண்டியதை, குரலைத் தாழ்த்தும் ஒரே செய்கையில் அச்செபே சொல்லிவிட்டுப் போகிறார்.

பிட்ஜின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தவறு அதிகம் நடப்பது அங்கேதான். நைஜீரியாவில் 500க்கும் மேற்பட்ட மொழிகள். லாகோஸ் யொரூபா மண். அங்கே பிழைக்க வந்த இக்போக்காரரும், வடக்கிலிருந்து வந்த ஹௌசாக்காரரும், உள்ளூர் யொரூபாக்காரரும் சந்தையில், லாரியில், அலுவலக வராந்தாவில் பேசிக்கொள்ள உதவுவது நைஜீரிய பிட்ஜின். சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இலக்கணம் வேறு. 'நா' என்றால் 'இதுதான்' என்று அழுத்திச் சொல்வது. 'டி' என்பது செயல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும். 'கோ' எதிர்காலம். 'நோ ஃபிட்' என்றால் முடியாது. 'நீங்கள்' என்ற பன்மைக்கு 'உனா'. இக்போவின் 'உனு' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தெரிந்துகொள்வதைச் சொல்லும் 'சாபி' போர்த்துக்கீசிய வணிகர்கள் விட்டுச்சென்றது. இவ்வளவு ஒழுங்குள்ள மொழியைக் கொச்சை ஆங்கிலம் என்று குறித்துக்கொண்டு போனால், பிட்ஜின் பேசுபவரெல்லாம் படிக்காதவர் என்ற தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

ஓபியின் நண்பன் ஜோசப் குமாஸ்தா. அலுவலகத்துக்கு ஓபி போன் செய்கிறான். இருவரும் ஒரே ஊர், இருவருக்கும் தாய்மொழி இக்போ. ஆனால் தொலைபேசியில் ஜோசப் இக்போ பேச மாட்டான். பிட்ஜினும் பேச மாட்டான். மிடுக்கான ஆங்கிலம்தான். போனை வைத்த கையோடு பக்கத்திலிருப்பவர்களிடம் திரும்பி, பிட்ஜினில், பேசியது என் சகோதரன், வெளிநாட்டிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறான், கிளாஸிக்ஸ் படித்தவன் என்று பீற்றிக்கொள்கிறான். ஓபி படித்தது ஆங்கில இலக்கியம். கிளாஸிக்ஸ் என்றால் இன்னும் கெத்தாக இருக்குமே என்று ஜோசப்பாகவே மாற்றிக்கொண்டது. கேட்டவரில் ஒருவர், ஸ்காலர்ஷிப் போர்டா, பணம் கொட்டுமே என்கிறார். இல்லை, அவன் கனவான், லஞ்சம் வாங்க மாட்டான் என்கிறான் ஜோசப். மற்றவர் ஒப்புக்கு ஆமாம் போடுகிறார், நம்பாமல்.

அரைப் பக்கம்கூட வராத காட்சி. பென்சிலால் குறித்துப் பாருங்கள். போனில் 'ஆ'. அந்த ஆங்கிலம் ஓபிக்காகப் பேசப்படவில்லை. அறையில் இருப்பவர்கள் கேட்பதற்காகப் பேசப்பட்டது. போனை வைத்ததும் 'பி'. அப்போதுதான் மனத்தில் இருப்பது வெளியே வருகிறது: பெருமை, பொறாமை, சந்தேகம். ஊழல் எப்படி நடக்கும் என்ற அறிவு இந்த நாவலில் பிட்ஜினில்தான் புழங்குகிறது. நேர்மை பற்றிய பெரிய பேச்சுகளுக்கு ஆங்கிலம். இன்னும் ஒன்று: 'இ' என்று ஓர் எழுத்துகூட விழாத இந்தக் காட்சியிலும் இக்போ ஒளிந்திருக்கிறது. ஓபி ஜோசப்பின் கூடப் பிறந்தவன் இல்லை, ஊர்க்காரன். 'பிரதர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் இக்போ உறவுமுறை குடியேறியிருக்கிறது. ஒரு மொழியின் சொல்லில் இன்னொரு மொழியின் பொருளை ஏற்றும் இந்தப் போக்கை ஆப்பிரிக்க நாவல்களில் விரிவாக ஆராய்ந்தவர் ஷாண்டால் சாபுஸ். சாய்வெழுத்துப் பட்டியல் போடுபவர் கண்ணில் இது படவே படாது.

ஊருக்குப் போகும் லாரிப் பயணத்திலும் இதே கதை. சாலையில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிறார். டிரைவரின் ஆள் வழக்கமான இரண்டு ஷில்லிங்கைக் கொடுக்கப் போகும்போது, ஓபி அந்தப் பக்கம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போலீஸ்காரர் உஷாராகிவிடுகிறார், அப்புறம் பத்து ஷில்லிங் அழ வேண்டியிருக்கிறது. இதனால்தான் படிச்ச ஆளுங்களை வண்டியில் ஏத்தறதில்லை என்று டிரைவர் பிட்ஜினில் பொரிந்து தள்ளுகிறார். அந்த லாரியில் ஓபியின் ஆங்கிலப் பட்டத்துக்கு மதிப்பு எட்டு ஷில்லிங் நஷ்டம்.

ஆங்கிலத்திலும் ஒரே ஆங்கிலம் கிடையாது. ஓபியைப் படிக்க அனுப்பியது உமுவோஃபியா முன்னேற்றச் சங்கம். 800 பவுண்டு கடனாகக் கொடுத்திருக்கிறது. அவன் திரும்பியதும் வரவேற்பு. சங்கச் செயலாளர் நீண்ட நீண்ட சொற்களாகக் கோத்து வரவேற்புரை வாசிக்கிறார். கூட்டம் சொக்கிப்போகிறது. ஓபி, வெயில் தாங்காமல் கோட்டில்லாமல் சட்டையோடு வந்து நிற்கிறான். சின்னச் சின்ன வாக்கியங்களில், எளிய ஆங்கிலத்தில் பேசிவிட்டு உட்காருகிறான். ஜனங்களுக்குச் சப்பென்றாகிவிடுகிறது. உலர்ந்த இறைச்சியைப் போல வாயை நிறைக்க வேண்டாமா ஆங்கிலம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. இதை வெறும் அறியாமை என்று கேலி செய்துவிட்டுப் போனால் பாதிதான் படித்ததாக ஆகும். சபையில் பேச்சு செழிப்பாக இருக்க வேண்டும் என்பது இக்போப் பேச்சுக் கலையின் எதிர்பார்ப்பு. அந்த மக்கள் ஆங்கிலத்தை இக்போவின் அளவுகோலால் அளக்கிறார்கள். ஓபிதான் அந்த அளவுகோலை லண்டனில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான். பின்னொரு சங்கக் கூட்டத்தில் இக்போவில் தொடங்குகிறான். போகப் போகப் பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்துவிடுகிறது. அதையும் கூட்டம் ரசிக்கிறது.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் கிறிஸ்டோஃபர் என்ற பொருளாதாரப் பட்டதாரி. என்ன பேசுகிறார், எங்கே, யாரிடம், எப்படிச் சொல்ல ஆசைப்படுகிறார் என்பதைப் பொறுத்து அவர் நல்ல ஆங்கிலமும் பேசுவார், பிட்ஜினும் பேசுவார் என்கிறார் கதைசொல்லி. படித்தவர்கள் எல்லோருமே சனிக்கிழமை இரவுகளில் ஓரளவுக்கு அப்படித்தான் என்று ஒரு போடு வேறு. கம்பர்ஸின் ஆய்வு வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னால் எழுதியது.

அச்செபே இதையெல்லாம் தெரிந்தேதான் செய்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. 1964இல் ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளரைப் பற்றி அவர் ஓர் உரை ஆற்றினார். தன்னுடைய 'ஆரோ ஆஃப் காட்' நாவலில் பூசாரி எசெயுலு தன் மகனைக் கிறிஸ்தவர்களிடம் அனுப்பும்போது சொல்லும் வார்த்தைகளை அதில் எடுத்துக் காட்டினார். பக்கத்திலேயே அதே கருத்தை இங்கிலாந்துக்காரர் சொல்வதுபோல் மாற்றி எழுதியும் காட்டினார். பொருள் ஒன்றுதான். இரண்டாவதில் பூசாரி காணாமல் போய்விட்டார். நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்: ஏதாவது ஓர் உரையாடலை வழக்கமான ஆங்கிலத்தில் மாற்றி எழுதி, எது தொலைந்தது என்று பாருங்கள். எதுவும் தொலையவில்லை என்றால் அந்த இடத்தில் எழுத்தாளர் ஒன்றும் செய்யவில்லை என்றே அர்த்தம். இருப்பதாகக் கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு. நாவலில் வரும் பிட்ஜின், தெருவில் பதிவு செய்த பிட்ஜின் அன்று. லண்டனிலும் புரிய வேண்டும் என்பதற்காகச் சொற்களின் எழுத்துக்கோவையை ஆங்கிலத்துக்கு நெருக்கமாக வைத்திருக்கிறார், அடர்த்தியையும் குறைத்திருக்கிறார். 1950களில் லாகோஸில் பிட்ஜின் எப்படி ஒலித்தது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டினால் மொழியியலாளர் முறைப்பார். யார் வாயில் எதை வைத்தார் என்பதற்குத்தான் இது சான்று. அதைப் போலவே, கதைசொல்லி ஒரு வரிகூடப் பிட்ஜினில் பேசுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மொழிகளும் சமமாக நடத்தப்படுகின்றன என்று சொல்பவர்கள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இதைத் தமிழாக்கினால் என்ன ஆகும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஓபியின் ஆங்கிலமும் சங்கத்துப் பெரியவரின் இக்போவும் எழுத்துத் தமிழாகவே வந்துவிழும். பழமொழியும் நிதானமும்தான் பெரியவரைக் காப்பாற்ற வேண்டும். பிட்ஜினுக்கு உடனே கைக்கு வருவது சென்னைத் தமிழ். வேண்டாம் என்பேன். சென்னைத் தமிழ் ஒரு கூட்டத்து மக்கள் வீட்டில் பேசும் பேச்சு. அம்மா பிள்ளையைக் கொஞ்சுவதும் அதில்தான். ஜோசப்பின் பிட்ஜின், தாய்மொழி வேறு வேறாக உள்ளவர்கள் நடுவில் நின்று பேசிக்கொள்வது. ஒன்றை இன்னொன்றாக்கினால் லாரி டிரைவர் சினிமாவின் ரிக்‌ஷாக்காரராகிவிடுவார். அப்படியானால் என்ன செய்வது? என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போதைக்குக் கிளாரா போன்ற இடங்களில் அச்செபே செய்ததையே செய்து, 'பிட்ஜினில் சொன்னான்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

மார்க் மட்டும் தொல்லை தரவே மாட்டார். அவர் பேசும் இக்போவைத் தமிழில் எழுதிவிடலாம். 'ஸ்காலர்ஷிப்' வரும் இடத்தில் 'ஸ்காலர்ஷிப்' என்றே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தச் சொன்னால் போதும்.